மொட்டைக் கடிதத்துக்குப் பதிலை யாருக்கு எழுதுவது?

கையெழுத்து இல்லாத புகார் ஒன்று வந்துவிட்டால், அலுவலகத்தில் முதலில் கிளம்பும் பேச்சு "யார் எழுதியிருப்பார்கள்?" என்பதுதான். அந்தப் பேச்சிலேயே இரண்டு நாள் ஓடிவிடும். எழுதியவரைக் கூப்பிட்டு மேல் விவரம் கேட்க வழியில்லாதபோது இதை என்ன செய்வது, பதில் சொல்வதா வேண்டாமா, சொன்னால் எப்படி என்று முடிவெடுக்க வேண்டியவருக்காக இதை எழுதுகிறேன்.

வழிகளைப் பொதுவாகப் பேசினால் எல்லாமே சரி போலத் தெரியும். அதனால் ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் 150 பேர் வேலை பார்க்கும் ஒரு பம்ப் செட் தொழிற்சாலை. லேத்தில் கடையும்போது விழும் இரும்புச் சுருளும் தூளும் சனிக்கிழமைதோறும் பழைய இரும்பு வியாபாரியின் பிக்கப் வண்டியில் போகும். வண்டி வரும் வழியில் பக்கத்து எடைமேடையில் காலியாக ஒரு எடை. சரக்கு ஏற்றித் திரும்பும்போது அதே மேடையில் இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். இந்தத் தொழிற்சாலையின் புகார்ப் பெட்டியில் கோடு போட்ட நோட்டுத் தாளில் நான்கு வரி கிடக்கிறது:

"சார், சனிக்கிழமை ஸ்கிராப் வண்டியில எடை அடிக்கிறாங்க. கேட்டுல இருக்கறவங்களுக்கும் தெரியும். முன்னாடி சீட்ட பாருங்க. பேர் போட்டா வேல போயிடும்."

எந்தச் சனிக்கிழமை, யார், எவ்வளவு நாளாக என்று எதுவும் இல்லை. போதாததற்கு மூன்றாவது வரி இரண்டு விதமாகப் படிக்கக் கிடைக்கிறது. வண்டியின் முன் சீட்டைப் பார்க்கச் சொல்கிறாரா, பழைய எடைச் சீட்டுகளைப் பார்க்கச் சொல்கிறாரா? ஆள் எதிரில் இருந்தால் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். இல்லாததுதான் சிக்கல்.

கோப்பில் போட்டு மூடுவது

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் கோப்பில் போடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் மத்திய அரசு அலுவலகங்களில் இதுதான் விதி. பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-ல் சொன்னது. 2002-ல், சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால் ஆணையத்தின் ஒப்புதலோடு விசாரிக்கலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது. பிறகு 2013 அக்டோபரில் மத்தியப் பணியாளர் துறை, குற்றச்சாட்டு எத்தகையதாக இருந்தாலும் பெயரற்ற புகாரைக் கோப்பில் போட்டால் போதும் என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு ஆணையமும் அதே நிலைக்குத் திரும்பியது. பெயர் போட்டு வரும் புகாரிலும், விவரம் சரிபார்க்கக்கூடியதாக இருந்தால், அதில் உள்ள முகவரிக்கு எழுதி "இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று கேட்கிறார்கள். 15 நாள் காத்து, ஒரு நினைவூட்டல் அனுப்பி, இன்னும் 15 நாள் பார்த்தும் பதில் இல்லையென்றால் அதையும் போலிப் பெயர்ப் புகார் என்று கோப்பில் சேர்க்கலாம்.

இந்த விதிக்குக் காரணம் உண்டு. பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும் நேரம் பார்த்து மொட்டைப் பெட்டிஷன் போட்டு ஒருவரின் உயர்வை நிறுத்திவைப்பது அரசு வட்டாரத்தில் பழைய கலை. விசாரணை தொடங்கினாலே போதும், குற்றம் இல்லையென்று முடிவதற்குள் அவருடைய வாய்ப்பு போய்விடும். ஆனால் பெயரோடு எழுதுவதில் உள்ள பயமும் நாட்டுக்குத் தெரிந்ததே. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடு பற்றி, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார் பொறியாளர் சத்யேந்திர துபே. கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான், 2004-ல், புகார் தருபவரின் பெயரை ஆணையம் மட்டும் தெரிந்துகொண்டு மறைத்து வைக்கும் ஏற்பாடு வந்தது. அதிலும் பெயர் இல்லாத கடிதத்தை எடுத்துக்கொள்வதில்லை.

நம் பம்ப் செட் தொழிற்சாலையை இந்த உத்தரவுகள் கட்டுப்படுத்தாது. பட்டியலிட்ட கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிக் கடன் 50 கோடிக்கு மேல் உள்ளவை ஆகியவற்றுக்குக் கம்பெனிச் சட்டம் புகார் வழி ஒன்றை வைத்திருக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு இது அவரவர் முடிவு. என்னைக் கேட்டால், கோப்பில் போடுவது ஒரே வகைக் கடிதத்துக்குத்தான் பொருந்தும்: "அவர் சரியில்லாத ஆள், கொள்ளையடிக்கிறார்" என்று திட்டு மட்டும் இருந்து, போய்ப் பார்க்க ஒரு பொருளோ, நாளோ, காகிதமோ இல்லாத கடிதம். ஸ்கிராப் கடிதம் அப்படியில்லை. பெயரில்லாவிட்டாலும் ஒரு கிழமை இருக்கிறது, ஒரு வண்டி இருக்கிறது, அந்த வண்டியைப் பற்றிய காகிதம் அலுவலகத்திலேயே இருக்கிறது.

கூப்பிட்டுக் கேட்பது

இரண்டாவது வழி, ஸ்டோர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, கடிதத்தைக் காட்டி, "என்னப்பா இது?" என்று கேட்பது. சின்னக் கம்பெனி முதலாளிகள் பெரும்பாலும் செய்வது இதுதான். நேர்மையான வழி போலவும் தோன்றும். ஒருவர் மேல் புகார் வந்தால் அவரிடம் கேட்பதுதானே முறை?

முறைதான், ஆனால் நேரம் தப்பு. அவர் தவறு செய்திருந்தால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து எல்லாம் ஒழுங்காகிவிடும், பழைய சீட்டுகளில் சில காணாமல் போகும். செய்யவில்லையென்றால், தன்னைப் போட்டுக்கொடுத்தது யார் என்று கையெழுத்தை வைத்துத் தேடத் தொடங்குவார். 150 பேர் இருக்கும் இடத்தில், லீவு விண்ணப்பங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டால், ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதும். அப்படிக் கண்டுபிடித்தது சரியான ஆளாகவும் இருக்காது பல நேரம். அதனால் கடிதத்தின் மூலத்தை யாருக்கும் காட்டக்கூடாது. விஷயத்தை மட்டும் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, தாளையும் தபாலில் வந்திருந்தால் அதன் உறையையும் ஒட்டிப் பூட்டி வைத்துவிட வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கட்டம் பின்னால் வரும். அப்போது கையில் இருக்க வேண்டியது எடைச் சீட்டு.

உடனே நோட்டீஸ் போர்டில் பதில்

ஆளைத் தெரியாவிட்டால் எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்பது மூன்றாவது வழி. கடிதம் கிடைத்த மறுநாளே, "கடிதம் வந்தது, விசாரிக்கிறோம், மேலும் விவரம் தரவும்" என்று ஒட்டுவது. எழுதியவர் தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் உள்ளே வருகிறார் என்பதால் பதில் அவரைச் சேரும், இதில் சந்தேகமில்லை. கூடவே சேரக்கூடாதவரையும் சேரும். கூப்பிட்டுக் கேட்பதில் உள்ள அதே கோளாறுதான் இங்கேயும். ஒரு ஆளுக்குப் பதில் 150 பேருக்கு எச்சரிக்கை போகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடிதம் உயிர் ஆபத்தைப் பற்றியதாக இருந்தால், உதாரணமாக கிரேனின் லிமிட் சுவிட்சைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தால், ஆதாரம் சேகரிப்பதெல்லாம் அப்புறம். அதே ஷிஃப்டில் கிரேனை நிறுத்திப் பார்க்க வேண்டியதுதான். எழுதியவர் யார் என்பதே அங்கே தேவையில்லை.

முதலில் காகிதம், அப்புறம் பதில்

என் ஓட்டு நான்காவது வழிக்கு. முதல் இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் சொல்லாமல் அலுவலகத்திலேயே கிடக்கும் காகிதத்தைப் பார்ப்பது, அதன் பிறகு நோட்டீஸ் ஒட்டுவது. எழுதியவரிடம் கேட்க நினைத்த கேள்விகளில் பாதிக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லிவிடும் என்பதுதான் இதற்கு நியாயம். எப்படி என்று நம் வண்டியை வைத்தே பார்க்கலாம்.

கணக்குப் பிரிவு ஆடிட்டுக்காகக் கேட்கிறது என்று சொல்லி ஆறு மாத எடைச் சீட்டுகளையும் கேட் பதிவேட்டையும் வாங்கி நகல் எடுக்கிறோம். ஆடிட்டுக்கு அவை எப்போதும் போவதுதான் என்பதால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மொத்தம் 26 சனிக்கிழமைகள். சரக்கோடு உள்ள எடையைப் பார்த்துப் பயனில்லை. அது வாரத்துக்கு வாரம் மாறும், ஈரமும் கூலண்ட் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் மாறும். பார்க்க வேண்டியது காலி வண்டியின் எடை. ஒரே வண்டி ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே எடைதானே இருக்க வேண்டும்? 15 சீட்டுகளில் அது 1,720 கிலோவை ஒட்டி நிற்கிறது. மீதி 11 சீட்டுகளில் 1,860-ஐ ஒட்டி இருக்கிறது. டீசல் டேங்க் நிரம்பியிருந்தால் 40, 50 கிலோ கூடும். தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி என்று இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆனால் அப்படிக் கூடினால் 1,740, 1,765, 1,790 என்று பரவலாக இருக்கும். நடுவில் ஒன்றுமே இல்லாமல் 140 கிலோ தள்ளி இன்னொரு குவியல் நிற்பது வேறு கதை. 140 கிலோ என்பது இரண்டு ஆள் எடை.

இப்போது கேட் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தால், அந்த 11 நாளும் வண்டி உள்ளே வரும்போது "ஆட்கள் 3" என்று எழுதியிருக்கிறது, வெளியே போகும்போது "ஆள் 1". மீதி இரண்டு பேர் சரக்கு ஏற்றிவிட்டு நடந்து போயிருக்கிறார்கள். காலி வண்டியை மூன்று பேரோடு எடை போட்டு, சரக்கு வண்டியை டிரைவரோடு மட்டும் எடை போட்டால், ஒவ்வொரு தடவையும் 140 கிலோ இரும்பு கணக்கில் வராமல் போகும். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் தடவைக்கு 4,200 ரூபாய், 11 தடவைக்கு 46,200. தடவைக்கு நாலாயிரம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. கடிதத்தின் இரண்டாவது வரியும் இப்போது புரிகிறது, கேட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் பதிவேட்டில் இது எழுதப்பட்டிருக்க முடியாது. முன் சீட்டா எடைச் சீட்டா என்ற குழப்பமும் பாதி தீர்ந்தது, இரண்டையும் பார்த்தாகிவிட்டது.

இங்கேதான் நிதானம் வேண்டும். 11 நாளில் 9 நாள் சரக்கு ஏற்றும் பொறுப்பில் ஒரே ஸ்டோர் ஆள்தான் இருந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஆள் சிக்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 26 வாரத்தில் 21 வாரம் அந்தப் பொறுப்பில் இருந்ததே அவர்தான். 26-க்கு 21 இருக்கிறவர் 11-க்கு 9 இருப்பது இயல்பான கணக்கு, அதில் செய்தி ஒன்றும் இல்லை. ஏற்றுகூலிகள் வண்டியிலேயே வருவதும் வழக்கமான விஷயம்தான். நஷ்டம் நடந்தது என்று சீட்டு காட்டுகிறது. தெரிந்தே செய்தார்களா, கவனக்குறைவா என்று காட்டவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் கடிதம் எழுதியவர். ஆகவே அவரிடம் கேட்பதற்கு இப்போது நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்டால் கெட்டுப்போக ஒன்றும் மிச்சமில்லை. நோட்டீஸுக்கு இதுதான் நேரம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பெயர் குறிப்பிடாத கடிதம் ஒன்று புகார்ப் பெட்டியில் கிடைத்தது. கழிவு இரும்பு விற்பனை பற்றியது. பதிவேடுகளைப் பார்த்து வருகிறோம். எழுதியவர் யார் என்று விசாரிக்க மாட்டோம். மேலும் தெரிந்ததைச் சொல்ல விரும்புபவர், தான் நேரில் பார்த்தது என்ன, எந்த நாள் என்று எழுதி, இதே பெட்டியிலோ நிர்வாக இயக்குநர் பெயருக்குத் தபாலிலோ அனுப்பலாம். முதல் கடிதத்தை எழுதியவர், எதைப் பார்க்கச் சொன்னார் என்பதை இன்னொரு முறை விளக்கி எழுதவும். 30-ஆம் தேதி வரை வருபவை பார்க்கப்படும். முடிவு இந்தப் பலகையிலேயே தெரிவிக்கப்படும்."

"எதைப் பார்க்கச் சொன்னார்" என்ற வரி இரண்டு வேலை செய்கிறது. குழப்பமான மூன்றாவது வரிக்கு விளக்கம் கேட்கிறது. அதோடு, சீட்டைப் பற்றிக் கடிதத்தில் இருந்தது எழுதியவருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். நோட்டீஸில் அது இல்லை. ஆகவே இரண்டாவது கடிதம் சீட்டைப் பற்றிப் பேசினால் அதே ஆள் என்று தெரிந்துகொள்ளலாம். நோட்டீஸைப் பார்த்துவிட்டு, பழைய பகையைத் தீர்க்க யாரோ புதிதாக எழுதினால் அதுவும் தெரிந்துவிடும். கிழமையை எழுதாமல் விட்டதும் வேண்டுமென்றேதான். சனிக்கிழமை என்று போட்டால் அன்று டியூட்டியில் இருக்கும் நாலு பேர் மேல் ஊர்ப் பார்வை விழும்.

நோட்டீஸில் அதிகம் சொல்வதா, குறைவாகச் சொல்வதா என்ற தயக்கம் எப்போதும் வரும். "ஒரு புகார் வந்தது" என்று மட்டும் போட்டால், அது தன் கடிதம்தான் என்று எழுதியவருக்கே தெரியாது. வேறு ஏதோ என்று நினைத்துப் போய்விடுவார். ஆளையோ நாளையோ சொன்னால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். எந்த வேலை பற்றியது என்பதோடு நிறுத்துவது நடுவழி. "விசாரிக்க மாட்டோம்" என்று எழுதிவிட்டுப் புகார்ப் பெட்டிக்கு எதிரே கேமராவை வைத்திருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்; பெட்டியைக் கழிப்பறைப் பக்கமோ சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமோ மாற்றிவிட்டு நோட்டீஸை ஒட்டுங்கள்.

பெரிய கம்பெனிகள் இதே வேலையை இணைய வழியில் செய்கின்றன. புகார் தருபவருக்கு ஒரு எண்ணும் கடவுச்சொல்லும் கிடைக்கும், பெயர் தெரியாமலே இரண்டு பக்கமும் கேள்வி பதில் நடக்கும். விவரம் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது புகார் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நோட்டுத் தாளில் எழுதிப் போட்டவருக்கு இப்போது போய் இணைய முகவரி கொடுப்பது, அவரை இன்னொரு சங்கடத்தில் மாட்டிவிடுவதுதான்.

நோட்டீஸ் ஒட்டவே கூடாத ஒரு வகை

பெண் ஊழியரிடம் ஒருவர் தவறாக நடக்கிறார் என்று மொட்டைக் கடிதம் வந்தால் மேலே சொன்ன நோட்டீஸைக் கனவிலும் ஒட்டக்கூடாது. "இந்தப் பிரிவில் இப்படி ஒரு புகார்" என்ற ஒரு வரி போதும், அந்தப் பிரிவில் இருக்கும் மூன்று பெண்களில் யார் என்று கேன்டீனில் பேச்சாகிவிடும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் உள் புகார்க் குழு விசாரணை தொடங்க, பாதிக்கப்பட்டவர் எழுத்தில் புகார் தர வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்குள். யாரோ எழுதிய கடிதத்தை வைத்துக் குழு அப்படியே விசாரணையில் இறங்க முடியாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லை, வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. குழு உறுப்பினர்கள் யார் யார் என்ற அறிவிப்பு எப்படியும் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டிய ஒன்று. அதைப் புதுப்பித்து எல்லாப் பிரிவுகளிலும் ஒட்டி, எல்லாப் பெண்களுக்கும் ஒரு விளக்கக் கூட்டம் வைத்து, உறுப்பினர்களைத் தனியாகச் சந்திக்க வழி சொன்னால், கடிதம் வந்தது என்று யாருக்கும் தெரியாமலே எழுதியவருக்குப் பதில் போய்விடும்.

எப்படி முடிப்பது

ஸ்கிராப் விஷயத்துக்குத் திரும்புவோம். இரண்டாவது கடிதம் வரலாம், வராமலும் போகலாம். வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது. இன்னொரு முறை எழுதுவது அவருக்கு இன்னொரு முறை ஆபத்து. வராவிட்டாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காலி எடையும் சரக்கு எடையும் எடுக்கும்போது டிரைவர் உட்பட எல்லாரும் இறங்க வேண்டும் என்று வைக்கலாம். அந்த வண்டியின் காலி எடையைக் கேட் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, 30 கிலோவுக்கு மேல் மாறினால் மறு எடை என்று சொல்லலாம். மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் வேறு எடைமேடைக்கு அனுப்பலாம். இதற்கெல்லாம் யார் குற்றவாளி என்று தெரியத் தேவையில்லை.

யார் மேலாவது நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு ஆதாரம் சேர்ந்தால், இப்போது அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். கேட்பது சீட்டுகளையும் பதிவேட்டையும் வைத்து. கடிதத்தைப் பற்றிக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் ஒரு சொல்கூட வேண்டாம். உள் விசாரணையில் கடிதத்தை ஆவணமாகக் காட்டினால், எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். கொண்டுவர முடியாத சாட்சியால் மொத்த வழக்கும் தள்ளாடும்.

ஆதாரம் சேரவில்லையென்றால் கோப்பில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். "புகார் பொய்" என்று எழுதுபவர்கள் உண்டு. பொய் என்று நிரூபிக்கவில்லையே? "கிடைத்த விவரங்களைக் கொண்டு, தனிநபர் யாரும் தவறு செய்ததாக உறுதி செய்ய முடியவில்லை, எடை போடும் முறையில் குறை இருந்தது, திருத்தப்பட்டது" என்று எழுதினால் ஸ்டோர் ஆளுக்கும் நியாயம், எழுதியவருக்கும் நியாயம். நோட்டீஸ் போர்டிலும் இதே வாசகத்தைச் சொன்ன தேதி முடிந்த பிறகு ஒட்டி, பழைய நோட்டீஸைக் கிழித்துவிட வேண்டும். விசாரணை முடிந்த பிறகும் அது பலகையில் தொங்கினால், பார்ப்பவர்கள் இன்னும் யாரையோ தேடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.